லாபத்தில் 3 நாள், நஷ்டத்தில் 9 நாள்: ட்ரேடு வைத்திருக்கும் நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரேடிங் ஜர்னல் எழுதும் நண்பர்களிடம் "ஜெயித்த ட்ரேடையும் தோற்ற ட்ரேடையும் சராசரியாக எத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள்" என்று சொல்லி வந்தேன். சொன்ன ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் திரும்பி வந்தன. அதனால் எளிதானதில் தொடங்கி ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கீழே "ரிஸ்க்" என்று வரும் இடமெல்லாம் ஓர் அளவு: என்ட்ரி விலைக்கும் முதலில் தீர்மானித்த ஸ்டாப்லாஸுக்கும் இடையே உள்ள தூரம் 1 ரிஸ்க். அதைப்போல் இரண்டு மடங்கு லாபம் என்றால் 2 ரிஸ்க்.

லாப நஷ்டக் கணக்குதான் இருக்கே, நேரத்தை வேற எதுக்குப் பார்க்கணும்?

லாப நஷ்டக் கணக்கு முடிவைச் சொல்லும். அந்த முடிவுக்கு நீங்கள் எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதை அது சொல்லாது. 60 சதவீத ட்ரேடில் ஜெயித்தும் கணக்கு இறங்கிக்கொண்டே போகிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: சின்ன லாபம் வந்ததும் கை துறுதுறுக்கிறது, நஷ்டம் வந்தால் "திரும்பி வந்துவிடும்" என்று கை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பணக் கணக்கில் இது மற்ற காரணங்களோடு கலந்து மறைந்துவிடும். நேரக் கணக்கில் தனியாகத் தெரியும்.

நிதித்துறை ஆய்வாளர்களான ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மெயர் ஸ்டாட்மனும் 1985-லேயே இந்தப் பழக்கத்துக்குப் பெயர் வைத்து எழுதினார்கள். 1998-ல் டெரன்ஸ் ஓடியன் ஒரு புரோக்கர் நிறுவனத்தின் 10,000 கணக்குகளை எடுத்து, 1987 முதல் 1993 வரையிலான வர்த்தகத்தை அலசினார். விற்க வாய்ப்பிருந்த லாபங்களில் 14.8 சதவீதத்தை விற்றிருந்தார்கள். நஷ்டங்களில் 9.8 சதவீதத்தை மட்டுமே விற்றிருந்தார்கள். அதனால் இது உங்களுக்கு மட்டும் இருக்கிற வியாதி என்று நினைக்க வேண்டாம்.

எப்படிக் கணக்கு போடணும்? என்னென்ன குறிச்சு வைக்கணும்?

ஒரு ட்ரேடுக்கு ஒரு வரி. A-ல் என்ட்ரி தேதி, B-ல் எக்ஸிட் தேதி, C-ல் எத்தனை சந்தை நாள் வைத்திருந்தீர்கள், D-ல் முடிவு எத்தனை ரிஸ்க் (லாபம் கூட்டல் குறி, நஷ்டம் கழித்தல் குறி). இரண்டு சராசரிகளையும் எடுத்து, ஜெயித்ததன் நேரத்தைத் தோற்றதன் நேரத்தால் வகுக்க வேண்டும். வருவதை இனி "நேர விகிதம்" என்கிறேன்.

```
C2:       =NETWORKDAYS(A2,B2)
ஜெயித்தது: =AVERAGEIFS(C:C,D:D,">0.1")
தோற்றது:  =AVERAGEIFS(C:C,D:D,"<-0.1")
```

NETWORKDAYS சனி, ஞாயிறை விட்டுவிடும். ஆனால் தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்து எண்ணும். அதனால் அன்றே வாங்கி அன்றே விற்றதை 1 என்று காட்டும். எல்லா வரிக்கும் ஒரே மாதிரி எண்ணுவதால் பெரிய குழப்பம் வராது.

வாங்கின விலைக்கே வெளிய வந்தது, பாதி பாதியா வித்தது, இறங்க இறங்க ஆவரேஜ் பண்ணினது... இதையெல்லாம் எதுல சேர்க்கறது?

வாங்கிய விலையை ஒட்டி வெளியே வந்தவற்றை இரண்டிலும் சேர்க்காதீர்கள். மேலே 0.1 என்று எல்லை போட்டது அதற்குத்தான். பாதி பாதியாக விற்றிருந்தால் ஒவ்வொரு பகுதியின் நாட்களையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டுங்கள். பாதி 2-ஆம் நாளும் மீதி 10-ஆம் நாளும் போயிருந்தால் அந்த ட்ரேடுக்கு 6 நாள்.

ஆவரேஜ் செய்ததில்தான் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். கடைசியாக வாங்கிய தேதியிலிருந்து எண்ணினால், மாதக்கணக்கில் தூக்கிச் சுமந்த நஷ்டம்கூட நான்கு நாள் ட்ரேடு போலத் தெரியும். முதல் முறை வாங்கிய தேதிதான் என்ட்ரி. ரிஸ்க்கும் முதலில் நினைத்த ஸ்டாப்லாஸை வைத்துத்தான்.

என் நேர விகிதம் 0.8. ஒண்ணுக்குக் கீழ இருந்தாலே தப்புதானே?

இல்லை. இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும் பலர் செய்யும் தவறே இதுதான். ஒப்பிட வேண்டியது 1-ஓடு அல்ல, உங்கள் திட்டமே தானாகக் கொடுக்கும் விகிதத்தோடு.

காரணம் எளிது. பக்கத்தில் இருக்கும் விலையைச் சந்தை சீக்கிரம் தொடும். தூரத்தில் இருப்பதைத் தொட நேரமாகும். டார்கெட் 2 ரிஸ்க் தூரத்திலும் ஸ்டாப்லாஸ் 1 ரிஸ்க் தூரத்திலும் இருந்தால், ஒரு தவறும் செய்யாதவருக்கும் ஜெயிக்கும் ட்ரேடு அதிக நாள் எடுக்கும். எந்தப் பக்கமும் சாய்வில்லாமல் விலை சும்மா அலைகிறது என்று வைத்துக்கொண்டால், இதை ஒரு சின்னச் சூத்திரத்தில் அடக்கலாம். டார்கெட் தூரம் ஸ்டாப்லாஸ் தூரத்தைப் போல k மடங்கு என்றால்:

```
எதிர்பார்க்கும் விகிதம் = k × (k + 2) / (1 + 2k)
```

k = 1 என்றால் விகிதம் 1. k = 2 என்றால் 1.6. k = 3 என்றால் சுமார் 2.1. டார்கெட் பாதி தூரத்தில் இருந்தால், அதாவது k = 0.5 என்றால், 0.6-ஐ ஒட்டி வரும். அதனால் சின்ன டார்கெட், அகலமான ஸ்டாப்லாஸ் வைத்து ஆடுகிறவருக்கு 0.8 என்பது நல்ல எண். 2 மடங்கு டார்கெட் வைத்தவருக்கு அதே 0.8 திட்டத்தில் பாதி. ஒரே எண்தான், இருவருக்கும் பொருள் வேறு.

நிஜக் கணக்கு ஒண்ணை வெச்சு காட்ட முடியுமா?

என்னுடைய பழைய ஜர்னலையே எடுக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை. முடித்த ட்ரேடு 40. திட்டம்: 1 ரிஸ்க் ஸ்டாப்லாஸ், 2 ரிஸ்க் டார்கெட். ஸ்டாப்லாஸ் ஆர்டராகப் போடவில்லை, மனதில்தான் இருந்தது.

ஜெயித்தது 24, சராசரி லாபம் 0.7 ரிஸ்க், சராசரி நேரம் 3.1 நாள். தோற்றது 16, சராசரி நஷ்டம் 1.3 ரிஸ்க், சராசரி நேரம் 9.4 நாள். 24 ட்ரேடில் வந்தது 16.8 ரிஸ்க், 16 ட்ரேடில் போனது 20.8 ரிஸ்க். 60 சதவீதம் ஜெயித்தும் 4 ரிஸ்க் நஷ்டம்.

நேர விகிதம் 0.33. திட்டப்படி 1.6-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். சற்று முன்பின் என்றால் சந்தையின் போக்கு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியதற்கு அந்தச் சமாதானம் செல்லாது.

விகிதம் குறைஞ்சா லாபத்தைச் சீக்கிரம் வெட்டுறேன்னுதானே அர்த்தம்?

அவசரப்படாதீர்கள். விகிதத்தில் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே உள்ளது சுருங்கினாலும் கீழே உள்ளது வீங்கினாலும் விகிதம் குறையும். லாபத்தை ஒழுங்காக வைத்திருந்து, நஷ்டத்தை மட்டும் இழுத்தடிப்பவருக்கும் 0.33 வரலாம். இரண்டும் வேறு வேறு கோளாறு, திருத்தும் வழியும் வேறு.

பிரித்துப் பார்க்க, தூரங்களை ரிஸ்க்கில் அளக்காமல் "ஒரு நாளின் வழக்கமான அசைவு" என்ற அளவில் வையுங்கள். தினசரி மாற்றத்தின் திட்ட விலக்கம் போதும், STDEV கொடுத்தால் வந்துவிடும். டார்கெட் தூரம் a, ஸ்டாப்லாஸ் தூரம் b:

```
ஜெயிக்க ஆகும் நாள் ≈ (a² + 2ab) / 3
தோற்க ஆகும் நாள்   ≈ (b² + 2ab) / 3
```

என் ஸ்டாப்லாஸ் ஏறக்குறைய 2 நாள் அசைவு தூரத்தில் இருந்தது, டார்கெட் 4 நாள் அசைவு தூரத்தில். கணக்குப்படி ஜெயிப்பதற்கு 10.7 நாள், தோற்பதற்கு 6.7 நாள். நான் வைத்திருந்தது 3.1 நாளும் 9.4 நாளும். ஆக இரண்டு பக்கமும் கோளாறு. ஆனால் நஷ்டத்தைச் சுமார் 3 நாள் கூடுதலாக இழுத்திருக்கிறேன், லாபத்தை 7 நாளுக்கு மேல் முன்னதாகவே வெட்டியிருக்கிறேன். நஷ்டத்தை இழுப்பதுதான் என் குறை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். சந்தை உண்மையில் இவ்வளவு சீராக அலையாது, அதனால் அரை நாள், ஒரு நாள் வித்தியாசத்துக்கெல்லாம் இந்தச் சூத்திரத்தை நம்பாதீர்கள்.

சரி, சீக்கிரம் வித்துட்டேன்னு தெரிஞ்சுது. அதனால நிஜமாவே நஷ்டமா?

இதுவரை பார்த்தது உங்கள் பழக்கத்தை மட்டும்தான். அதற்கு விலை கொடுத்தீர்களா என்பது தனிக் கேள்வி. உங்கள் தேர்வில் எந்தச் சாமர்த்தியமும் இல்லாமல், விலை சும்மா அலைந்துகொண்டிருந்தால், சீக்கிரம் விற்றாலும் தாமதித்து விற்றாலும் சராசரியில் ஒன்றுதான். கமிஷன்தான் மிச்சம். வாங்கியபின் விலை உங்கள் பக்கம் கொஞ்சமாவது சாய்கிறது என்றால்தான் முன்கூட்டி வெட்டுவது இழப்பு. ஓடியனின் கணக்குகளில் இழப்பு இருந்தது. அவர்கள் விற்ற லாபப் பங்குகள், விற்காமல் வைத்துக்கொண்ட நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓர் ஆண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி கூடுதலாகக் கொடுத்தன.

உங்கள் கணக்கில் அறிய, ஜெயித்த ட்ரேடு ஒவ்வொன்றையும் சார்ட்டில் என்ட்ரியிலிருந்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். கேள்வி ஒன்றே: திட்டத்தில் இருந்த டார்கெட்டை முதலில் தொட்டதா, முதல் ஸ்டாப்லாஸை முதலில் தொட்டதா? 20 சந்தை நாளுக்குள் இரண்டையும் தொடாவிட்டால் அன்றைய விலையில் முடித்ததாக எழுதுங்கள். என் 24-ல் 13 டார்கெட்டைத் தொட்டன, 7 ஸ்டாப்லாஸைத் தொட்டன, 4 இரண்டுக்கும் நடுவே நின்று சராசரி 0.5 ரிஸ்க் கொடுத்தன. 26-லிருந்து 7-ஐக் கழித்து 2-ஐக் கூட்டினால் 21 ரிஸ்க். கையில் வந்தது 16.8. மேசையிலேயே விட்டு வந்தது 4.2 ரிஸ்க். நஷ்டப் பக்கத்தில் ஸ்டாப்லாஸைத் தாண்டி வைத்திருந்ததில் போனது 4.8.

ஸ்டாப்லாஸைத் தொட்ட அந்த 7-ல் இரண்டு, நான் விற்பதற்கு முன்பே ஸ்டாப்லாஸுக்குக் கீழே போய்த் திரும்பி வந்தவை. நான் அவற்றை "வெற்றி" என்று எழுதி வைத்திருந்தேன். திட்டப்படி அவை தோல்வி. இதைக் கவனிக்காமல் போனால் மறு ஓட்டம் உங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்லும்.

வித்த பிறகு அது போன உச்சத்தைப் பார்த்தாலே எவ்வளவு விட்டோம்னு தெரிஞ்சிடுமே?

உச்சத்தில் யாரும் விற்பதில்லை. விற்றபின் விலை போன உச்சத்தை வைத்து அளந்தால், உலகத்தில் உள்ள எல்லோரும் எல்லா ட்ரேடையும் சீக்கிரம் விற்றவர்கள்தான். கொஞ்சம் ஏறிவிட்டு ஸ்டாப்லாஸ் வரை சரிந்த ட்ரேடுகூட அந்தக் கணக்கில் "விட்ட லாபம்" ஆகிவிடும். என்ட்ரி போட்ட நாளிலேயே உங்களிடம் இருந்த விதியை வைத்து மட்டும் ஓட்டிப் பாருங்கள். டார்கெட்டே எழுதி வைக்காதவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

எனக்கு விகிதம் நல்லாவே வருது. ஆனா மூணு பொசிஷன் நஷ்டத்துல மாட்டிக்கிட்டு இருக்கு, விற்கல. அது கணக்குல வருமா?

வர வேண்டும். வராவிட்டால் கணக்கே தலைகீழாகிவிடும். முடித்த ட்ரேடை மட்டும் எண்ணினால், நஷ்டத்தை விற்கவே மனம் வராதவருக்குத்தான் மிக அழகான விகிதம் வரும். ஏனென்றால் அவருடைய மோசமான பொசிஷன்கள் எக்ஸிட் தேதி இல்லாமல் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

இதே தவறை நானும் செய்தேன். மேலே சொன்ன 40 ட்ரேடை எண்ணிய அன்று என்னிடம் மூன்று திறந்த பொசிஷன்கள், மூன்றும் நஷ்டத்தில். வயது 30, 38, 52 நாள். இன்றைய தேதியையே எக்ஸிட் தேதியாகப் போட்டுச் சேர்த்ததும் தோற்றவற்றின் சராசரி 9.4-லிருந்து 14.2-க்கு ஏறியது. விகிதம் 0.22. அதுவும் குறைத்துச் சொன்னதுதான், அவை இன்னும் முடியவில்லையே! லாபத்தில் திறந்திருப்பவை இருந்தால் அவற்றையும் இதேபோல் சேர்க்க வேண்டும், ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு கூடாது.

ஒரே ஒரு ட்ரேடை 41 நாள் வெச்சிருந்தேன். அதுவே சராசரியைக் கெடுத்திருக்கலாம் இல்லையா?

கெடுக்கும். என் பட்டியலிலும் அப்படி ஒன்று இருந்தது, அதே 41 நாள்தான். அதை எடுத்துவிட்டால் மீதி 15 தோல்விகளின் சராசரி 7.3 நாள். அதற்காக அதை அழித்துவிடாதீர்கள். சராசரிக்குப் பக்கத்தில் இடைநிலையையும் எழுதுங்கள், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்.

```
=MEDIAN(IF(D2:D500<-0.1,C2:C500))
```

பழைய எக்செலில் இதற்கு Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். என் தோல்விகளின் இடைநிலை 7 நாள், திட்டக் கணக்கான 6.7-ஐ ஒட்டியே இருக்கிறது. அதாவது பெரும்பாலான நஷ்டங்களை நான் ஓரளவு நேரத்துக்கு முடித்திருக்கிறேன், சிலவற்றில் மட்டும் பிடிவாதம். ஜெயித்தவற்றின் இடைநிலையோ 2 நாள். அங்கே கோளாறு ஒன்றிரண்டு ட்ரேடில் இல்லை, எல்லாவற்றிலும் பரவியிருந்தது.

நான் இன்ட்ராடே மட்டும்தான். எனக்கு இது உதவுமா?

உதவும், நிமிடத்தில் எண்ணுங்கள். ஒரு சிக்கல்: சந்தை மூடும்போது கட்டாயமாக வெளியேறியவை உங்கள் முடிவல்ல, கடிகாரத்தின் முடிவு. அவற்றைத் தனியாக ஒதுக்கிவிட்டு எண்ணுங்கள். ஒதுக்கியதில் பெரும்பங்கு நஷ்ட ட்ரேடு என்றால் அதுவே ஒரு செய்தி.

என் முறையில லாபம் சீக்கிரம் வந்துடும், நஷ்டம்தான் மெதுவா வரும். அப்போ விகிதம் எப்பவும் குறைவாத்தானே இருக்கும்?

சில முறைகளில் அப்படித்தான். அளவுக்கு மீறி இறங்கியதை வாங்கி, சராசரி விலைக்குத் திரும்பியதும் விற்பவருக்கு, வேலை செய்த ட்ரேடு இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும், செய்யாதது இழுக்கும். ஆப்ஷன் விற்பவருக்கு நேர்மாறு: காலம் கரையக் கரையத்தான் லாபம், நஷ்டமோ ஒரே நாளில் வந்து நிற்கும். இவர்களுக்கு நான் மேலே தந்த k சூத்திரம் பொருந்தாது. விதி தெளிவாக இருந்தால் அதைப் பழைய விலைகளில் ஓட்டி, அங்கே வரும் நேர விகிதத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறைகளை ஒரே பட்டியலில் கலப்பது இன்னும் மோசம். டிரெண்டைப் பின்பற்றிய ட்ரேடும் குறுகிய கால ட்ரேடும் சேர்ந்தால், வரும் சராசரி இரண்டில் எதையுமே குறிக்காது.

எத்தனை ட்ரேடு இருந்தா நம்பலாம்?

ஒவ்வொரு பக்கமும் 15-க்குக் கீழே இருந்தால் நான் பேசவே மாட்டேன். 30 இருந்தால் கொஞ்சம் நிம்மதி. இது என் கைக்கணக்குதான், இலக்கண விதி அல்ல. இடைவெளி பெரிதாக இருந்தால் குறைந்த ட்ரேடிலேயே தெரிந்துவிடும். எதிர்பார்த்தது 1.6, வந்தது 1.3 என்றால் 40 ட்ரேடை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திட்டத்தை அப்படியே கடைப்பிடித்திருந்தால் என் 40 ட்ரேடில் 4 ரிஸ்க் நஷ்டத்துக்குப் பதிலாக 5 ரிஸ்க் லாபம் வந்திருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 40-ல் 13 டார்கெட் என்பது மூன்றில் ஒரு பங்கு. 2-க்கு 1 தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாலும் கிட்டத்தட்ட அதுதான் வரும். அதனால் என் பழக்கம் மோசம் என்பது நிரூபணமானது, என் முறை நல்லது என்பது நிரூபணமாகவில்லை.

அப்போ இனிமே ஜெயிக்கிற ட்ரேடை வேணும்னே கூடுதல் நாள் வெச்சிருந்தா விகிதம் சரியாகிடும் இல்லையா?

விகிதம் சரியாகும், கணக்கு சரியாகாது. ஒருவர் "குறைந்தது 8 நாள் விற்க மாட்டேன்" என்று விரதம் எடுத்தார். டார்கெட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியவற்றையும் 8-ஆம் நாள் வரை பிடித்துக்கொண்டிருந்தார். நேரம் விளைவுதான், அதை நேரடியாகத் திருகக் கூடாது.

திருத்த வேண்டியது எக்ஸிட். ஜர்னலில் E என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, விற்ற அன்றே காரணத்தை எழுதுங்கள்: டார்கெட், ஸ்டாப்லாஸ், கால வரம்பு, அல்லது "கை". "கை" என்றால் திட்டத்தில் இல்லாமல் நீங்களாக விற்றது. என் 24 வெற்றிகளைப் பழைய குறிப்புகளை வைத்துப் பிரித்தபோது 22 "கை". அப்புறம் நான் செய்தது ஒன்றுதான்: என்ட்ரி போட்ட உடனே டார்கெட்டையும் ஸ்டாப்லாஸையும், ஒன்று நிறைவேறினால் மற்றது தானாக ரத்தாகும் ஆர்டராகப் போட்டுவிட்டு, நாளில் ஒரு முறை மட்டும் திரையைத் திறந்தேன். அடுத்த 30 ட்ரேடில் "கை" 6. அந்த ஆறையும் இப்போது தனியாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆறுமே லாபத்தில் இருக்கும்போது விற்றவை.